காய்ச்சலின் எத்தனையாவது நாள் படம்?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் என் கைப்பேசிக்குக் கைகளும் கால்களும் முதுகுகளுமாகப் படங்கள் வரத் தொடங்கிவிடும். காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரத்தில் தோல் மருத்துவராக இருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் காய்ச்சல் பார்க்கும் மருத்துவர்கள் அனுப்புவார்கள். எப்போதோ தேமலுக்கோ படைக்கோ என்னிடம் வந்துபோனவர்கள் தங்கள் பிள்ளையின் காலையோ பக்கத்து வீட்டுப் பாட்டியின் கையையோ படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தோடு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டரம்மா, இது டெங்குவா?"

நான் உடனே ஆமாம், இல்லை என்று சொல்வதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். காய்ச்சல் வந்து இது எத்தனையாவது நாள்? இதற்குச் சரியான பதில் முதல் முறையில் கிடைப்பது அரிது. மாத்திரை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள், இல்லையென்றால் ஊசி போட்ட நாளிலிருந்து. டெங்குவில் கணக்கு, உடம்பு முதலில் சுட்ட அந்த வேளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்பேன். "மழைக்கு ஸ்கூல் லீவு விட்டாங்களே, அன்னிக்குப் பையன் நல்லா இருந்தானா? ஞாயித்துக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டானா, வேண்டாம்னுட்டானா?" இப்படி ஒரு நிகழ்ச்சியில் கொக்கி போட்டுப் பிடித்தால் நாள் கிடைத்துவிடும். நாள் தெரியாமல் தடிப்பின் படத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்பதை நான் பார்த்த மழைக்காலங்கள் எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

காரணம், டெங்கு தோலில் ஒரு முறை மட்டும் தன்னைக் காட்டுவதில்லை. முதல் நாளோ இரண்டாம் நாளோ முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் வெயிலில் நின்று வந்ததுபோல் சிவந்திருக்கும். தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது இது. உள்ளங்கையை முதுகில் அழுத்தி எடுத்தால் ஐந்து விரலோடும் வெளிறிய தடம் பதிந்து, சில நொடிகள் நின்று மறையும். இந்தச் சிவப்பு ஓரிரு நாளில் போய்விடும். பல வீடுகளில் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது தடிப்புதான் படமாக வருவது. காய்ச்சல் இறங்கும் வேளையிலோ இறங்கி ஓரிரு நாள் கழித்தோ வரும். பெரும்பாலும் புறங்கையிலும் பாதத்தின் மேற்புறத்திலும் தொடங்கிக் கை கால் வழியாக உடம்புக்கு ஏறும். முதலில் தனித்தனிப் புள்ளிகளாக இருந்து, பிறகு ஒன்றோடொன்று கூடி, முழங்காலுக்குக் கீழே முழுக்க ஒரே சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்புக்கு நடுவே மிளகு அளவிலும் கொஞ்சம் பெரிதாகவும் வட்ட வட்டமாகச் சில இடங்கள் மட்டும் தோலின் இயல்பான நிறத்தில் விட்டுப்போயிருக்கும். 'சிவப்புக் கடலில் வெள்ளைத் தீவுகள்' என்று மருத்துவப் பாடநூல்கள் இதைச் சொல்கின்றன. டெங்கு வந்த எல்லோருக்கும் இது வருவதில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தோலில் ஏதாவது ஒரு தடிப்பு இருக்கும். இந்தத் தீவு வடிவம் அவர்களிலும் ஒரு பகுதியினருக்குத்தான். ஆனால் வந்துவிட்டால் அதை வேறொன்றாக எண்ணுவது கடினம்.

கடினம் என்று சொன்னது என் போன்றவர்களுக்கு. வீட்டில் இருப்பவர்கள் அதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். நம் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, கத்தரிப்பூ நிறம் கலந்த பழுப்பாக, சிலருக்கு வெறும் கறுப்பேறியதாகவே தெரியும். அதன் நடுவே வெளிறிய வட்டங்கள் பளிச்சென்று நிற்பதால், அவைதாம் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். "வெள்ளை வெள்ளையா தேமல் மாதிரி புறப்பட்டிருக்கு டாக்டரம்மா" என்று எழுதி, அந்த வட்டங்களுக்கு மட்டும் நெருக்கமாகக் கேமராவைக் கொண்டுபோய் எடுத்து அனுப்புவார்கள். அவர்கள் காட்டும் இடம்தான் நோய் தொடாத தோல். சுற்றியிருக்கும் பரப்புதான் நான் பார்க்க வேண்டியது. அது படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். மேலைநாட்டுப் பாடநூல்களின் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் இந்தச் சிவப்பைப் பார்த்துப் படித்துவிட்டு வரும் இளம் மருத்துவர்களுக்கும் இதே தடுமாற்றம் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது, நிறத்தைத் தேட வேண்டாம், எல்லையைத் தேடுங்கள், உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள் என்றுதான். கறுத்த தோல் உள்ளவருக்கும் அந்த இரண்டு இடங்களில் சிவப்பு சிவப்பாகவே தெரியும்.

படம் எடுக்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பாதி விஷயம் தொலைகிறது. இரவில் குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் தோல் பச்சை ஓடிக் கிடக்கும். ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெளுத்து, தடிப்பே இல்லாததுபோல் ஆகிவிடும். இவற்றையெல்லாம்விடக் கெடுதல் செய்வது, கைப்பேசியில் முகத்தைப் பளபளப்பாக்குவதற்கு வைத்திருக்கும் அழகூட்டும் அமைப்பு. பல பேசிகளில், குறிப்பாக முன்பக்கக் கேமராவில், அது எப்போதும் போட்டபடியே இருக்கும். தோலில் உள்ள சின்னச் சின்னப் புள்ளிகளை அழித்து வழவழப்பாக்குவதுதான் அதன் வேலை. குண்டூசி முனை அளவு ரத்தப்புள்ளியை நான் தேடிக்கொண்டிருக்கும்போது, அதைக் கேமரா பருவென்று எடுத்து அழித்துவிட்டு அனுப்புகிறது.

அதனால் எனக்கு வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுவேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் இல்லாமல், பின்பக்கக் கேமராவில் எடுங்கள். முதல் படம் தள்ளி நின்று இரண்டு காலும் முழுக்கத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். இரண்டாவது படம் ஒரு சாண் தூரத்திலிருந்து. மூன்றாவது படத்தில் காய்ச்சல் இல்லாத ஒருவர், முடிந்தால் அதே நிறமுள்ள அண்ணனோ அக்காவோ, தன் கையை அந்தக் காலின் பக்கத்தில் வைக்கட்டும். அப்போதுதான் எது அந்தத் தோலின் சொந்த நிறம் என்று எனக்குத் தெரியும். கடைசியாகப் பத்து நொடிக்கு ஒரு வீடியோ. கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைத் தடிப்பின் மேல் வைத்து அழுத்துங்கள், அழுத்தியபடியே எடுங்கள்.

அந்தப் பத்து நொடி வீடியோ, எல்லாப் படங்களையும்விட எனக்குப் பெரிது. விரிந்த குழாய்களில் ஓடும் ரத்தத்தால் வந்த சிவப்பு என்றால் கண்ணாடியின் அழுத்தத்தில் ரத்தம் விலகி அந்த இடம் வெளுக்கும், எடுத்ததும் திரும்பி வரும். குழாயை விட்டு வெளியே கசிந்து தோலுக்குள் தங்கிவிட்ட ரத்தம் என்றால் எவ்வளவு அழுத்தினாலும் அப்படியே நிற்கும். இந்த இரண்டாவது வகைதான் ரத்தப்புள்ளி. டெங்குவில் பிளேட்லெட் குறைவதாலும் நுண்குழாய்களின் சுவர் தளர்வதாலும் இது வரும். அழுத்தம் பட்ட இடங்களில் முதலில் தெரியும்: சாக்ஸின் எலாஸ்டிக் பிடித்த கோட்டில், கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில், பாவாடை நாடா இறுக்கிய இடுப்பில்.

மருத்துவர்கள் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிச் செய்யும் பரிசோதனையும் இதே கதைதான். மேல் அழுத்தம் 110, கீழ் அழுத்தம் 70 என்றால் இரண்டுக்கும் நடுவான 90-இல் பட்டையை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டு, அவிழ்த்த பின் முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு சதுர அங்குலத்தில் புதிதாக வந்த புள்ளிகளை எண்ணுவார்கள். 10-க்குக் குறையாமல் இருந்தால் டெங்குவை நினைக்கச் சொல்கிறது இந்தச் சோதனை. சில கையேடுகள் 20 என்று வைத்திருக்கின்றன. இல்லையென்றால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை.

ஒரு பையனின் கால்களை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே கால்களின் படம் இரண்டு முறை எனக்கு வந்தது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன், 40 கிலோ எடை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் அப்பா படம் அனுப்பியிருந்தார். "காய்ச்சல் நேத்து ராத்திரியோட விட்டுடுச்சு. கால்ல மட்டும் லேசா புள்ளி புள்ளியா இருக்கு. தடவுறதுக்கு ஏதாவது சொல்லுங்க டாக்டரம்மா" என்று எழுதியிருந்தார். பார்த்தால் பயப்படும்படியான படம் அல்ல. முழங்காலுக்குக் கீழே சாதாரணத் தோல். பெரிதாக்கிப் பார்த்தபோது கணுக்காலுக்கு மேலே, சாக்ஸின் விளிம்பு பதிந்த கோட்டில், கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தன. அரிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். டம்ளரை வைத்து அழுத்தி வீடியோ எடுக்கச் சொன்னேன். புள்ளிகள் கண்ணாடிக்கு அடியில் அசையாமல் நின்றன.

நாளை எண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளையாட்டை விட்டுப் பாதியில் வந்து படுத்திருக்கிறான். அது முதல் நாள். அப்படியானால் வெள்ளி ஆறாவது நாள், காய்ச்சல் விட்டு முதல் காலை. டெங்குவில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடும் அந்த நேரம்தான் ஆபத்தின் வாசல். காய்ச்சல் தணியும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் இறங்கும் கட்டம் ஒன்று சிலருக்கு வரும். ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். தோலில் தெரியும் புள்ளி இந்தக் கசிவின் அளவுகோல் இல்லை. ஆனால் அந்த நாளில் அந்தப் புள்ளியைப் பார்த்தால் அடுத்த கேள்விகளைக் கேட்காமல் விடக்கூடாது.

கேட்டேன். ராத்திரியிலிருந்து மூன்று முறை வாந்தி. வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், வலது பக்கம் விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை. எழுந்து உட்கார மாட்டேன் என்கிறான். கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்றதற்கு அப்பா சற்று நேரம் கழித்துப் பதில் போட்டார்: "நேத்து சாயந்திரம்ங்கிறான்." கை கால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "ஜில்லுன்னு இருக்கு, அதான் காய்ச்சல் விட்டுடுச்சே" என்றார்.

அதற்கு மேல் கைப்பேசியில் பேச ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போகச் சொல்லி, பணியில் இருந்த மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் போய்ச் சேர்ந்தபோது நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 96/78. மேல் எண்ணைப் பார்த்து மோசமில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளி. அது 18. குழந்தைகளுக்கு இந்த இடைவெளி 20-க்கு வந்துவிட்டாலே, உடம்பு குழாய்களைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறது, அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனது. ரத்தத்தின் அடர்த்தியைச் சொல்லும் பி.சி.வி. 47. மூன்றாம் நாள் எடுத்திருந்த சோதனையில் அது 39. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, அதாவது அந்த அளவுக்கு நீர் வெளியே போயிருக்கிறது. பிளேட்லெட் 38,000.

வீட்டார் பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் செய்திகளில் வரும் எண் அதுதான். ரத்தக்கசிவு இல்லாதபோது அந்த எண்ணுக்காக மட்டும் ஏற்ற வேண்டியதில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது, குழாயைவிட்டுப் போன நீருக்கு ஈடாகச் சலைன். கிலோவுக்கு 10 மில்லி வீதம் முதல் ஒரு மணி நேரத்தில் 400 மில்லி. ஒரு மணி கழித்துக் கை சூடேறியது, அழுத்தம் 104/72 ஆனது, பி.சி.வி. 43-க்கு இறங்கியது. அதன்பின் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்துப் பார்த்து ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். குறைப்பதும் கொடுப்பதைப்போலவே முக்கியம். கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகக் குழாய்க்குள் திரும்பும்; அப்போதும் டிரிப்ஸை ஓட்டிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது நாள், அவன் அப்பாவிடமிருந்து இரண்டாவது படம் வந்தது. இந்த முறை குரல் பதிவும் சேர்த்து, பதற்றத்தோடு. கால் இரண்டும் முழங்காலிலிருந்து விரல் வரை கருஞ்சிவப்பு. நடுவில் வட்ட வட்டமாக வெளிறிய தீவுகள், உள்ளங்கால் நன்றாகவே சிவந்திருந்தது. முதல் படத்தைப் பார்த்துப் பயப்படாத குடும்பம் இதைப் பார்த்துக் கலங்கிவிட்டது. "திரும்ப வந்துடுச்சு போலிருக்கே டாக்டரம்மா?"

டம்ளர் வீடியோ வந்தது. பரந்த சிவப்பு அழுத்தியதும் வெளுத்தது; பழைய புள்ளிகள் மட்டும் ஆங்காங்கே மங்கலாக நின்றன. பையன் காலையில் இரண்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டிருந்தான். சிறுநீர் நிறையப் போகிறது, டிரிப்ஸை நிறுத்திவிட்டார்கள். அரிப்பு தாங்கவில்லை என்று உள்ளங்காலைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். இது குணமாகும் கட்டத்தின் தடிப்பு. கண்ணுக்கு அச்சமூட்டிய இந்தப் படம் தேறிவிட்டவனுடையது. சாதாரணமாகத் தெரிந்த வெள்ளிக்கிழமைப் படம்தான் உயிருக்கு ஆபத்தில் இருந்தவனுடையது. படங்களை மட்டும் நாளும் விவரமும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். படிக்க வரும் இளம் மருத்துவர்களிடம் நான் இந்த இரண்டையும் அப்படித்தான் காட்டுகிறேன், கால்களைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி, வீட்டாரின் ஒப்புதலோடு.

இந்த அரிப்புக்குப் பெரிய வைத்தியம் கிடையாது. இரண்டு மூன்று நாள் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். கலமைன் தடவலாம், அரிப்புக்கான மாத்திரை ஒன்று ராத்திரி கொடுக்கலாம், ஈரத்துணி சுற்றலாம். ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும், சிலருக்கு லேசாகத் தோல் உரியும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவ வேண்டாம். உடம்பு வலிக்கு இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் டெங்குக் காலத்தில் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

நாளைப் போலவே, காய்ச்சலும் தடிப்பும் ஒன்றுக்கொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதும் பல குழப்பங்களைத் தீர்க்கும். டெங்குவின் பெரிய தடிப்பு காய்ச்சல் தணியும்போது வருகிறது. மணல்வாரி அம்மையில் நேர்மாறு: சளி, இருமல், கண் சிவப்போடு காய்ச்சல் அடித்து, ஏறத்தாழ நான்காம் நாள் காதுக்குப் பின்னாலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் தடிப்பு புறப்படும், அப்போது காய்ச்சல் இன்னும் ஏறும். அங்கிருந்து முகம், நெஞ்சு, கால் என்று மூன்று நாளில் கீழே இறங்கி வரும். டெங்கு காலிலும் கையிலும் தொடங்கி மேலே ஏறும். ஆகவே காலை மட்டும் எடுத்த படம் வந்தால் காதின் பின்புறத்தையும் எடுத்து அனுப்பச் சொல்வேன்.

சிக்குன்குனியாவில் தடிப்பு காய்ச்சலோடு சேர்ந்தே முதல் சில நாளில் வந்துவிடும், மூட்டுவலி ஆளை முடக்கிப்போட்டிருக்கும். 2006-இல் தமிழ்நாட்டில் அது ஊர் ஊராகப் பரவியபோது, காய்ச்சல் போன பிறகு மூக்கின் மேல் கருமை படிந்து பலர் வந்தார்கள். மூக்கு நுனியிலும் தண்டிலும் கரித்தூள் தெளித்தது போன்ற அந்தக் கருமையைப் படத்தில் பார்த்தாலே, சில வாரத்துக்கு முன் மூட்டுவலிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்கத் தோன்றும். சின்னக் குழந்தைகளின் உள்ளங்கை, உள்ளங்கால், வாய் மூன்றிலும் சாம்பல் நிறத்தில் நீள்வட்டமாகச் சிறு கொப்புளங்கள் இருந்தால் அது வேறு வைரஸ், பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

காய்ச்சலோடு தடிப்பு கண்டாலே அம்மை போட்டிருக்கிறது என்று முடிவுசெய்து, வாசலில் வேப்பிலை செருகி, மருந்தை நிறுத்திவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வேப்பிலையோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வீட்டில் பிள்ளையைத் தனியே படுக்கவைத்துக் கஞ்சியும் இளநீரும் மோரும் கொடுப்பார்கள், அது நல்லதுதான். நான் அந்தத் தாய்மாரிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பிள்ளை சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை, வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஆள் சோர்ந்து கிடக்கிறது, இவற்றில் எது வந்தாலும் எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காலத் தடிப்பில் நான் அதிகம் கவலைப்படுவது, யாரும் படம் எடுக்காத ஓர் இடத்தைப் பற்றி. புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும் உண்ணி இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், மழையும் குளிரும் சேரும் இதே மாதங்களில்தான் கூடுகிறது. இது வைரஸ் அல்ல, பாக்டீரியா. தலைவலி, உடம்புவலி, மங்கலான தடிப்பு, பிளேட்லெட் குறைவு என்று டெங்குவைப் போலவே நடக்கும். ஆனால் டெங்குவுக்கு இல்லாத மருந்து இதற்கு உண்டு. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கொடுக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவந்த விளிம்போடு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அது இருப்பதும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, இடுப்பில் அரைஞாண் கயிறோ பாவாடை நாடாவோ பதியும் கோடு போன்ற மறைவிடங்களில். ஈரம் தங்கும் மடிப்பில் இருந்தால் கறுப்புப் பொருக்கும் இருக்காது, மஞ்சள் படிந்த மேலோட்டமான புண்ணாக மட்டும் தெரியும். தோலின் படத்தை அனுப்புகிறவர்கள் கையையும் காலையும் அனுப்புவார்கள். இந்த இடங்களை அனுப்ப மாட்டார்கள், அனுப்பச் சொல்வதும் முறையில்லை.

நடவுக்குப் போகும் ஓர் அம்மாவின் படங்களை ஒரு கிராமத்து மருத்துவர் எனக்கு அனுப்பியிருந்தார். ஒன்பதாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் மங்கலான புள்ளிகள், பிளேட்லெட் 70,000, டெங்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. புள்ளிகள் கண்ணாடி அழுத்தத்தில் வெளுத்தன. படத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எனக்கு உறுத்தியது ஒன்பதாம் நாள் என்ற எண். டெங்குக் காய்ச்சல் வழக்கமாக ஏழு நாளைத் தாண்டுவதில்லை. நர்ஸம்மாவை வைத்து இடுப்பு, மார்பின் கீழ், தொடையிடுக்கு எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். இடது மார்பின் கீழ்மடிப்பில் அரைக் காசளவில் அது இருந்தது. அன்று மாலையே மருந்து தொடங்கி, மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லாமல் வீட்டுக்குப் போனார். அந்த மருத்துவர் இப்போது மழைக்காலத்தில் எனக்குத் தடிப்பின் படம் அனுப்பும்போது, காய்ச்சல் எத்தனையாவது நாள், டம்ளர் அழுத்தத்தில் வெளுத்ததா, மறைவிடங்களைப் பார்த்தாயிற்றா என்ற மூன்றையும் நான் கேட்காமலே சேர்த்து எழுதிவிடுகிறார்.